காலித் தொட்டியில் நிறைந்திருக்கும் ஆபத்து: விமான எரிபொருள் தொட்டிகளில் நைட்ரஜன்

பயணிகள் விமானத்தின் எரிபொருள் தொட்டி விளிம்புவரை நிரம்பியிருக்கும்போது வெடிப்பதில்லை. ஏறக்குறையக் காலியாக இருக்கும்போதுதான் அதற்கு அந்த வாய்ப்பு வருகிறது. திரவ நிலையில் உள்ள ஜெட் எரிபொருள் மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்தது. அதன்மேல் ஒரு தீப்பொறி விழுந்தாலும் சாதாரண வெப்பநிலையில் அது எளிதில் பற்றாது. பற்றுவது அதன் ஆவி. அதுவும் காற்றோடு தகுந்த அளவில் கலந்திருந்தால் மட்டுமே. ஆகவே ஒரு தொட்டி வெடிக்க எரிபொருள் ஆவி, ஆக்சிஜன், தீப்பொறி ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கூட வேண்டும். இவற்றில் எதை அகற்றினாலும் போதும் என்று பள்ளிப் பாடம் சொல்கிறது. விமானத் துறை சுமார் நாற்பது ஆண்டுகள் தீப்பொறியை அகற்றுவதையே நம்பியிருந்தது. இன்று ஆக்சிஜனைக் குறைப்பதையும் சேர்த்து நம்புகிறது. இந்த மாற்றம் ஏன் அவ்வளவு தாமதமானது, பிறகு எப்படிச் சாத்தியமானது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. என் வாதம் இதுதான்: எல்லா நேரத்திலும், எல்லாத் தொட்டிகளிலும், எந்தச் சூழலிலும் வெடிப்பே நேரக்கூடாது என்ற முழுமையான இலக்கை வைத்திருந்தவரை நைட்ரஜன் பயணிகள் விமானத்தில் ஏறவில்லை. ஆபத்து எங்கே, எப்போது குவிகிறது என்பதை அளந்து, அந்த இடத்துக்கும் நேரத்துக்கும் மட்டும் போதுமான ஒரு குறைவுள்ள அமைப்பை ஏற்றுக்கொண்ட பிறகே அது ஏறியது.

1996 ஜூலை 17: ஒரு தொட்டியின் கணக்கு

இந்த விவாதத்தைத் திசைதிருப்பியது டிடபிள்யூஏ 800 விபத்து. நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்திலிருந்து பாரிஸுக்குப் புறப்பட்ட போயிங் 747 விமானம், மேலெழுந்த 12 நிமிடங்களில், சுமார் 13,700 அடி உயரத்தில் லாங் ஐலண்ட் கடற்கரைக்கு அப்பால் வெடித்துச் சிதறியது. அதில் இருந்த 230 பேரும் இறந்தனர். ஏவுகணை, வெடிகுண்டு என்று பல ஊகங்கள் கிளம்பின. கடலடியிலிருந்து எடுத்த பாகங்களை ஒரு கூடத்தில் பொருத்தி அடுக்கி, நான்கு ஆண்டுகள் ஆய்ந்த பிறகு, அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2000 ஆகஸ்டில் முடிவைச் சொன்னது. இரு இறக்கைகளுக்கும் நடுவே, உடற்பகுதியின் அடியில் உள்ள மையத் தொட்டியில் இருந்த ஆவியும் காற்றும் கலந்த கலவை வெடித்ததே விபத்தின் காரணம் என்பது அந்த முடிவு.

அந்தத் தொட்டியின் நிலையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். அதன் கொள்ளளவு சுமார் 49,000 லிட்டர். அன்று அதில் இருந்தது ஏறத்தாழ 190 லிட்டர். முந்தைய பயணத்தின் மிச்சம். பாரிஸ்வரை பறக்க இறக்கைத் தொட்டிகளில் இருந்த எரிபொருளே போதும் என்பதால் மையத் தொட்டியை நிரப்பவில்லை. இது வழக்கத்துக்கு மாறானதோ விதிக்கு முரணானதோ அல்ல. அறை போன்ற அந்தப் பெரிய பெட்டியின் தரையில் மெல்லிய படலமாக எரிபொருள், அதற்கு மேலே முழுக்கக் காற்று என்று இருந்தது. தொட்டியின் அடித்தளத்துக்குக் கீழே, மிகக் குறைந்த இடைவெளியில், விமானத்தின் குளிர்சாதனக் கருவிகள் இருந்தன. பயணிகளுக்குக் குளிர்ந்த காற்றைத் தரும் இந்தக் கருவிகள் வேலை செய்யும்போது தாம் கடுமையாகச் சூடாகும். கோடைக்கால மாலையில் புறப்பாடு தாமதமானதால் அவை தரையிலேயே சுமார் இரண்டரை மணி நேரம் ஓடியிருந்தன. அடியிலிருந்து வந்த வெப்பம் தொட்டியின் தரையைச் சுட்டது. மெல்லிய படலமாக இருந்த எரிபொருள் எளிதாக ஆவியாகிக் காற்றோடு கலந்தது.

அடுத்த ஆண்டு அதே வகை விமானத்தில், அன்றைய சூழலை ஒத்த நிலையில் சோதனைப் பயணம் நடத்தினார்கள். வெடிப்பு நேர்ந்த உயரத்தில் தொட்டிக்குள் ஆவியின் வெப்பநிலை, இடத்துக்கு இடம் வேறுபட்டு, 38 முதல் 53 டிகிரி செல்சியஸ்வரை இருந்தது. கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஜோசஃப் ஷெப்பர்ட் குழுவினர் செய்த சோதனைகள் இந்த எண்களின் பொருளைக் காட்டின. வெடிப்பு நேர்ந்த உயரத்தின் காற்றழுத்தத்தில், 35 டிகிரியில் இந்த ஆவியைப் பற்றவைக்க 100 ஜூல் அளவுக்கு ஆற்றல் தேவைப்பட்டது. 55 டிகிரியில் ஒரு ஜூலில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான ஆற்றல் போதுமாயிருந்தது. அதாவது இருபது டிகிரி வெப்ப வேறுபாடு, தேவையான தீப்பொறியின் அளவை ஒரு லட்சம் மடங்கு சுருக்கிவிட்டது. உயரே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால் தரையில் பற்றாத கலவையும் வானில் பற்றும் நிலைக்கு வருகிறது. தரையில் சூடேறிய காலித் தொட்டி, மேலெழும் முதல் சில நிமிடங்களில்தான் மிக ஆபத்தான கட்டத்தில் இருக்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது.

தீப்பொறி எங்கிருந்து வந்தது என்பது உறுதியாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. எரிபொருள் அளவைக் காட்டும் மானியின் கம்பிகள் தொட்டிக்குள் செல்கின்றன. அவற்றில் இயல்பாக ஓடும் மின்னாற்றல் எதையும் பற்றவைக்காத அளவுக்கு மிகச் சிறியது. ஆனால் தொட்டிக்கு வெளியே அதே கம்பிகள், அதிக மின்னழுத்தம் கொண்ட வேறு கம்பிகளோடு ஒரே கட்டாகச் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. வெளியே எங்கோ ஒரு மின்கசிவு நேர்ந்து, அந்த மின்னழுத்தம் மானியின் கம்பி வழியாகத் தொட்டிக்குள் நுழைந்திருக்கலாம் என்பதே மிகச் சாத்தியமான விளக்கம் என்றது வாரியம். இதற்கு ஆதரவாகச் சில தடயங்கள் இருந்தன. வெடிப்புக்கு ஓரிரு நிமிடங்களுக்கு முன் நான்காம் இன்ஜினின் எரிபொருள் ஓட்ட மானி விசித்திரமாகக் காட்டுவதாக விமானி குறிப்பிட்டது ஒலிப்பதிவில் இருந்தது. மையத் தொட்டியின் அளவு மானி 640 பவுண்டு என்ற இடத்தில் நின்றிருந்தது. தரை ஊழியர்கள் பதிந்த அளவோ 300 பவுண்டு. ஒலிப்பதிவுக் கருவியின் பின்னணி மின்முனகல் இறுதி விநாடிக்குள் இருமுறை அறுபட்டிருந்தது. ஆனால் இவற்றில் எதுவும் தனியாக நிரூபணம் ஆகாது. ஓர் ஆய்வு நான்கு ஆண்டுகள் முயன்றும் தீப்பொறியின் பிறப்பிடத்தை ஐயமின்றிக் காட்ட முடியவில்லை என்பதே அடுத்த வாதத்துக்கான முதல் சான்று.

தீப்பொறியைத் துரத்துவதன் எல்லை

1996-க்கு முன்பு விமான வடிவமைப்பின் அடிப்படைக் கருத்து எளிமையானது. தொட்டிக்குள் ஆவி எப்போதும் பற்றும் நிலையில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்; ஆகவே தீப்பொறி ஒன்றுகூட உள்ளே வராமல் பார்த்துக்கொள். 1963-இல் மேரிலாந்தில் மின்னல் தாக்கிப் பான் ஆம் 707 விமானம் வெடித்து 81 பேர் இறந்தபோதும் இந்தக் கருத்து மாறவில்லை. மின்னலுக்கு எதிரான பாதுகாப்புகள்தான் கூடின. 1990-இல் மணிலாவில் 737 விமானம் ஒன்று புறப்பாட்டு வாயிலிலிருந்து பின்னுக்குத் தள்ளப்படும்போதே அதன் மையத் தொட்டி வெடித்து எட்டுப் பேர் இறந்தனர். அதுவும் தனி நிகழ்வாகவே பார்க்கப்பட்டது. இந்த அணுகுமுறையின் பலவீனம் கருத்திலேயே இருக்கிறது. தீப்பொறி வரக்கூடிய வழிகளை எல்லாம் முன்கூட்டியே பட்டியலிட முடிந்தால்தான் அவற்றை அடைக்க முடியும். ஆனால் ஒரு விமானம் இருபது முப்பது ஆண்டுகள் பறக்கிறது. கம்பியின் உறை உராய்ந்து தேய்கிறது. இணைப்புகளில் கந்தகச் சேர்மங்கள் படிகின்றன. பழுதுபார்க்கும்போது உலோகத் துகள் உள்ளே விழுகிறது. பம்பு எரிபொருள் இல்லாமல் வறட்சியாக ஓடுகிறது. வடிவமைத்தவர் மேசையில் இல்லாத வழிகள் எல்லாம் பறக்கும் ஆண்டுகளில் பிறக்கின்றன.

2001-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ ஒரு சிறப்பு விதி மூலம், பெரிய பயணிகள் விமானங்களின் தொட்டிகளை முழுவதுமாக மறுஆய்வு செய்யுமாறு தயாரிப்பாளர்களுக்கு உத்தரவிட்டது. அந்த மறுஆய்வில், இல்லவே இல்லை என்று முன்பு சான்றளிக்கப்பட்டிருந்த தீப்பொறி வாய்ப்புகள் பல வெளிப்பட்டன. அவற்றைத் திருத்த அடுத்தடுத்துக் கட்டாய ஆணைகள் வந்தன. அதே ஆண்டு மார்ச் 3 அன்று பாங்காக்கில் தரையில் நின்றிருந்த 737-400 விமானத்தின் மையத் தொட்டி வெடித்து விமானப் பணியாளர் ஒருவர் இறந்தார். அந்த விமானத்தில் தாய்லாந்துப் பிரதமர் ஏறவிருந்தார் என்பதால் முதலில் குண்டு என்றே பேசப்பட்டது. டிடபிள்யூஏ 800-ஐத் தொடர்ந்து உலகமே தொட்டிகளைக் கவனித்துக்கொண்டிருந்த ஐந்தாவது ஆண்டில், அதே மாதிரிச் சூழலில் இது நடந்தது: வெப்ப நாடு, ஓடிக்கொண்டிருந்த குளிர்சாதனக் கருவிகள், ஏறக்குறையக் காலியான மையத் தொட்டி. தீப்பொறியைத் தடுப்பது வீண் என்று இதற்குப் பொருளல்ல. அது வெடிப்புகளை அரிதாக்கியது. ஆனால் அதற்குத் துணையாக வேறொன்று இல்லாதவரை, ஒரே ஒரு கம்பியின் தேய்மானத்துக்கும் நூற்றுக்கணக்கான உயிர்களுக்கும் இடையே வேறு தடுப்பு எதுவும் இல்லை.

போதும் என்ற அளவு

ஆக்சிஜனைக் குறைக்கும் யோசனை புதிதல்ல. காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். அதை ஓர் எல்லைக்குக் கீழே இறக்கினால் எவ்வளவு ஆவி இருந்தாலும், தீப்பொறி விழுந்தாலும் தீ பரவாது. போர் விமானங்களும் ராணுவச் சரக்கு விமானங்களும் இதைப் பல ஆண்டுகளாகச் செய்துவந்தன. ராணுவம் வைத்திருந்த எல்லை 9 சதவீதம். ஏனெனில் அங்கே தொட்டியைத் துளைத்து வருவது எரியும் குண்டு. இந்த 9 சதவீதத்தை எல்லா நேரத்திலும் எல்லாத் தொட்டிகளிலும் பிடித்துவைக்க வேண்டுமானால், திரவ நைட்ரஜனைச் சுமந்து செல்ல வேண்டும். அல்லது காற்றை அழுத்த எடைமிகுந்த கம்ப்ரஸர்கள் வேண்டும். டிடபிள்யூஏ 800-க்குப் பிறகு எஃப்ஏஏ அமைத்த, தொழில்துறையினரும் பங்கேற்ற ஆலோசனைக் குழுக்கள் 1998-இலும் 2001-இலும் இந்த யோசனையை ஆய்ந்தன. செலவு பலனைவிடப் பன்மடங்கு அதிகம் என்பதே அவற்றின் தீர்ப்பாக இருந்தது. தாம் எடுத்துக்கொண்ட வடிவமைப்புக்கு அவர்கள் போட்ட கணக்கு தவறல்ல. எடுத்துக்கொண்ட வடிவமைப்புத்தான் பயணிகள் விமானத்துக்குத் தேவையில்லாத கனத்தோடு இருந்தது.

எஃப்ஏஏ-யின் தலைமை அறிவியல் ஆலோசகர்களில் ஒருவரான ஐவர் தாமஸும் அட்லாண்டிக் சிட்டியில் உள்ள அதன் தொழில்நுட்ப மையத்துப் பொறியாளர்களும் கேள்வியை மாற்றிக் கேட்டார்கள். பயணிகள் விமானத்துக்கு எதிரி எரிகுண்டு அல்ல, சிறு மின்பொறி. சோதனைகளில் 12 சதவீத ஆக்சிஜனே கடல்மட்டத்தில் பற்றாமல் காக்கப் போதுமானதாக இருந்தது. பின்னர் வந்த விதியும் இதையே ஏற்றது: 10,000 அடிவரை 12 சதவீதம், அதற்கு மேல் காற்று மெலிய மெலிய எல்லை சிறிது சிறிதாகத் தளர்ந்து 40,000 அடியில் 14.5 சதவீதம். இரண்டாவதாக, ஆபத்து எல்லாத் தொட்டிகளிலும் சமமாக இல்லை. அலுமினிய இறக்கைத் தொட்டிகளை வெளிக்காற்று சீக்கிரம் குளிரவைக்கிறது. அவை பற்றும் நிலையில் இருக்கும் நேரம் மொத்தத்தில் சில சதவீதமே. கீழே வெப்பமூட்டும் கருவிகளோடு இருக்கும் மையத் தொட்டிகளோ சுமார் 30 சதவீத நேரம் பற்றும் நிலையில் இருப்பதாக 1998 குழுவே மதிப்பிட்டிருந்தது. ஆகவே மையத் தொட்டிக்கு மட்டும் செய்தால் போதும். மூன்றாவதாக, கம்ப்ரஸர் தேவையில்லை. இன்ஜினிலிருந்து கேபினுக்காக ஏற்கெனவே எடுக்கப்படும் அழுத்தக் காற்றிலேயே சிறு பங்கைத் திருப்பிவிடலாம்.

அந்தக் காற்று போகும் வழி இப்படி. இன்ஜினிலிருந்து வரும் சூடான காற்றில் இருக்கும் ஓசோன், சவ்வுகளைச் சிதைக்கும் என்பதால் முதலில் அதை நீக்குகிறார்கள். பிறகு வெளிக்காற்றால் குளிர்விக்கும் வெப்பமாற்றி ஒன்றின் வழியாக வெப்பநிலையைக் குறைத்து, வடிகட்டியில் எண்ணெய்த் துளிகளையும் தூசியையும் பிரித்து, காற்றுப் பிரிப்பானுக்கு அனுப்புகிறார்கள். பிரிப்பான் என்பது ஓர் உருளை. அதற்குள் தலைமுடி போல் மெல்லிய, நடுவே துளையுள்ள பாலிமர் இழைகள் லட்சக்கணக்கில் கட்டாக இருக்கின்றன. காற்று இழைகளின் உள்ளே ஓடும்போது ஆக்சிஜன் சுவரின் வழியாக விரைந்து வெளியேறுகிறது. நைட்ரஜன் மெதுவாகவே கசிவதால் பெரும்பாலும் மறுமுனைவரை போய்ச் சேர்கிறது. வெளியேறிய ஆக்சிஜன் மிகுந்த காற்றை விமானத்துக்கு வெளியே விடுகிறார்கள். நைட்ரஜன் மிகுந்த காற்று தொட்டிக்குப் போகிறது. நகரும் பாகம் என்று சொல்ல வால்வுகள் மட்டுமே. இதன் விசேஷ குணம் ஒன்றுண்டு: மெதுவாக ஓடவிட்டால் நைட்ரஜன் தூய்மையாக ஆனால் கொஞ்சமாக வரும், வேகமாக ஓடவிட்டால் நிறைய வரும், ஆனால் ஆக்சிஜன் கொஞ்சம் கூடுதலாகக் கலந்திருக்கும்.

இந்தக் குணத்தைப் பயணத்தின் எந்தக் கட்டத்தில் எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் வடிவமைப்பின் நுட்பம் இருக்கிறது. விமானம் உயர்ந்து பறக்கும்போது தொட்டிக்குள் இருந்து காற்று வெளியேறுகிறது. அப்போது குறைந்த ஓட்டத்தில் வரும் தூய நைட்ரஜனே உள்ளே ஆக்சிஜனைச் சில சதவீதத்துக்கு இறக்கிவிடும். சிக்கல் இறங்கும்போது வருகிறது. 35,000 அடியில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. அங்கிருந்து தரைக்கு வருவதற்குள் தொட்டி வெளிக்காற்றை உறிஞ்சி, இறுதியில் உள்ளே இருக்கும் வாயுவில் முக்கால் பங்கு புதிதாக வந்ததாக இருக்கும். ஓர் எளிய கணக்குப் போடலாம். உயரத்தில் தொட்டியில் 5 சதவீத ஆக்சிஜன் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். இறங்கும்போது வெறும் வெளிக்காற்று மட்டும் புகுந்தால், தரையில் உள்ள கலவை கால் பங்கு 5 சதவீதமும் முக்கால் பங்கு 21 சதவீதமுமாகச் சேர்ந்து 17 சதவீதத்தைத் தொடும். உயரத்தில் சேர்த்த பாதுகாப்பு முழுவதும் போய்விடும். அதனால்தான் இறங்கும்போது வால்வை அகலத் திறந்து ஓட்டத்தைக் கூட்டுகிறார்கள். அப்போது வரும் வாயுவில் 10 சதவீத ஆக்சிஜன் இருந்தாலும்கூட, உள்ளே நுழைவதில் மூன்றில் இரு பங்கு அதுவாக இருந்தால் தரையில் கலவை சுமார் 11.5 சதவீதத்தில் நிற்கும். எல்லை 12. அவ்வளவு நெருக்கமாகத்தான் இந்த அமைப்பு அளந்து வெட்டப்பட்டிருக்கிறது. எதிர்ப்பக்கக் காற்றோட்டத்தால் நைட்ரஜன் அடித்துச் செல்லப்படாமல் இருக்கச் சில விமானங்களில் தொட்டியின் காற்றுப் போக்கி அமைப்பையும் மாற்ற வேண்டியிருந்தது.

இதன் பலன் அடுத்த பயணத்தில் கிடைக்கிறது. தரையிறங்கிய விமானம் வாயிலில் நிற்கும்போது வெளியே அழுத்தம் மாறுவதில்லை. ஆகவே தொட்டி பெரிதாக மூச்சுவிடுவதில்லை. மையத் தொட்டியை நிரப்பாதவரை முந்தைய இறக்கத்தில் நிரப்பிய நைட்ரஜன் மணிக்கணக்கில் அங்கேயே தங்குகிறது. குளிர்சாதனக் கருவிகள் தொட்டியைச் சூடாக்குவதும் ஆவி கிளம்புவதும் அந்த நேரத்தில்தான். பிறகு விமானம் மேலேறும்போது வாயு வெளியேறுமே தவிர உள்ளே வராது. ஆக, டிடபிள்யூஏ 800-இல் ஆபத்து உச்சத்துக்குப் போன அந்த இரண்டரை மணி நேரத்தையும் மேலெழும் 12 நிமிடங்களையும், தரையில் இன்ஜின் ஓடாமலே, முந்தைய பயணத்தின் மிச்ச நைட்ரஜன் காக்கிறது. 2003-இல் ஏர்பஸ் ஏ320 விமானத்திலும் பிறகு 747 விமானத்திலும் ஆக்சிஜன் அளவிகளைத் தொட்டிக்குள் வைத்துப் பறந்து பார்த்து இதை உறுதிசெய்தார்கள்.

எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம் பொருளாதாரம் சார்ந்தது. மையத் தொட்டி வெடிப்புகள் பல பத்தாண்டுகளில் விரல்விட்டு எண்ணத்தக்கவை. இவ்வளவு அரிய விபத்துக்காக ஆயிரக்கணக்கான விமானங்களில் கருவி பொருத்துவது நியாயமா? இக்கேள்வியை விமான நிறுவனங்கள் கடுமையாக எழுப்பின. 2005-இல் முன்மொழியப்பட்ட விதி 2008 ஜூலையில்தான் இறுதியானது. ஒரு விபத்து இனி எவ்வளவு காலத்தில் நேரும் என்பதைப் பொறுத்தே இந்தக் கணக்கின் விடை மாறுகிறது. அந்த எண்ணை யாரும் அளந்து சொல்ல முடியாது. ஆனால் அளக்க முடிந்த ஒன்று இருந்தது: தொட்டி எவ்வளவு நேரம் பற்றும் நிலையில் இருக்கிறது என்பது. தீப்பொறி எப்போது வரும் என்று தெரியாதபோது, அது வரும் நேரத்தில் தொட்டி தயாராக இருக்கும் வாய்ப்பை 30-லிருந்து 3 சதவீதமாகக் குறைப்பது, அறியாமையோடு வாழ்வதற்குத் தகுந்த வழி. இந்தக் காரணத்தால் விபத்து எண்ணிக்கையை வைத்து வாதாடியவர்களைவிட ஆக்சிஜன் அளவியை வைத்து வாதாடியவர்களே வலுவான இடத்தில் இருந்தார்கள். இதே காரணத்தால், விதி வந்தபின் வெடிப்புகள் அரிதாக இருப்பதைக் காட்டி நைட்ரஜனின் வெற்றியை நிறுவவும் முடியாது. முன்பும் அவை அரிதாகவே இருந்தன.

இரண்டாவது எதிர்வாதம் எதிர்த் திசையிலிருந்து வருகிறது. 3 சதவீத நேரம் பற்றும் நிலையை அனுமதிப்பது பாதுகாப்பா? விதியை உற்றுப் பார்த்தால் அந்த 3 சதவீதம் தயவு அல்ல, பட்ஜெட் என்று விளங்கும். பல்லாயிரம் பயணங்களைக் கணினியில் போட்டு, தட்பவெப்பம், பயணத் தொலைவு, எரிபொருளின் தன்மை ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கணித்து, ஒரு விமான வகையின் சராசரி 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறார்கள். நைட்ரஜன் அமைப்பை நம்பும் தொட்டிகளில் இதற்குள்ளும் இரு துணை வரம்புகள் உண்டு: அமைப்பு ஓடிக்கொண்டிருந்தும் தொட்டி பற்றும் நிலையில் இருக்கும் நேரம் 1.8 சதவீதத்தையும், அமைப்பு பழுதாகி இருக்கும்போது பற்றும் நிலையில் இருக்கும் நேரம் 1.8 சதவீதத்தையும் மீறக்கூடாது. அதாவது கருவி பழுதாகும் என்பதையும் விதி கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறது. வெப்பமான நாட்களில் தரையிலும் மேலெழும்போதும் தனியாக ஒரு 3 சதவீத வரம்பு இருக்கிறது. சராசரிக்குள் கோடைக்காலம் ஒளிந்துகொள்ளாமல் இருக்க அது தேவைப்பட்டது. பழுதான அமைப்போடு சில நாட்கள் பறக்கவும் அனுமதி உண்டு. போயிங் 737-இல் இந்த அமைப்பு ஓடுகிறதா என்று விமானிக்குத் தெரியாது. விமானி அறையில் அதற்கு விளக்கே இல்லை. சக்கரக் குழியில் பச்சை, நீலம், மஞ்சள் விளக்குகள் உள்ள சிறு பலகை இருக்கிறது. முறையே இயங்குகிறது, திறன் குறைந்திருக்கிறது, இயங்கவில்லை என்று அவை தரைப் பொறியாளருக்குச் சொல்கின்றன. ஒரு பழுதுக்காக விமானத்தைத் திருப்பவோ இறக்கவோ தேவையில்லை என்ற தெளிவு இருந்ததால்தான் இரட்டைக் கருவிகளும் மாற்று ஏற்பாடுகளும் இல்லாத எளிய அமைப்பு சாத்தியமானது. முழுமை கேட்டிருந்தால் 2001-இன் கனமான வடிவமைப்புக்கே திரும்பியிருப்போம். அதைப் பொருத்த யாரும் முன்வந்திருக்க மாட்டார்கள்.

மூன்றாவது எதிர்வாதம் புதிய ஆபத்தைப் பற்றியது. நைட்ரஜனுக்கு மணமோ நிறமோ இல்லை. தொட்டியைப் பழுதுபார்க்கும் தொழிலாளர் சிறு திறப்பு வழியாக அதற்குள் ஊர்ந்து நுழைகிறார். 12 சதவீதத்துக்கும் குறைவான ஆக்சிஜன் உள்ள இடத்தில் மூச்சு முட்டுவது போன்ற எச்சரிக்கைகூட இல்லாமல் நினைவு தப்பும். நம் உடல் மூச்சுத் திணறலாக உணர்வது கரியமில வாயு கூடுவதையே தவிர ஆக்சிஜன் குறைவதை அல்ல. ஆகவே தொட்டித் திறப்புகளில் எச்சரிக்கைப் பலகை, நுழையும் முன் காற்றோட்டம், ஆக்சிஜன் அளவியால் சோதனை ஆகியவை கட்டாயமாயின. பயணிகளிடமிருந்து அகற்றிய ஆபத்தில் ஒரு துளி ஊழியர் பக்கம் நகர்ந்தது என்று சொல்வது மிகையல்ல. ஆனால் இது தெரிந்த இடத்தில், தெரிந்த நேரத்தில், அளந்து தவிர்க்கக்கூடிய ஆபத்து. மறைந்திருக்கும் தீப்பொறி அப்படிப்பட்டதல்ல.

நான்காவது எதிர்வாதமே வலுவானது: இந்த விதி காக்காமல் விட்டவை எவை? பறந்துகொண்டிருந்த பயணிகள் விமானங்களில் இந்த அமைப்பைப் பொருத்த 2017 இறுதிவரை அவகாசம் தரப்பட்டது. சரக்கு விமானங்கள் விலக்கப்பட்டன. வெப்பமூட்டப்படாத அலுமினிய இறக்கைத் தொட்டிகள் ஏற்கெனவே பாதுகாப்பான அளவுகோலாகக் கொள்ளப்பட்டன. 2006 மே மாதம் பெங்களூரு விமான நிலையத்தில் நின்றிருந்த போயிங் 727 சரக்கு விமானம் ஒன்றின் இறக்கைத் தொட்டி வெடித்தது. எரிபொருள் பம்புக்குச் செல்லும் கம்பி, அதைச் சுமக்கும் குழாய்க்குள் உராய்ந்து மின்பொறி உண்டானதே காரணம். யாரும் இறக்கவில்லை என்பதால் செய்தியும் பெரிதாகவில்லை. ஆனால் சரக்கு விமானம், இறக்கைத் தொட்டி என்று இரு வகையிலும் அது நைட்ரஜனின் காவலுக்கு வெளியே இருந்தது. சில சதவீத நேரம் என்பது பூஜ்ஜியம் அல்ல என்பதை அந்த இறக்கை காட்டியது. கார்பன் இழைக் கலவையால் ஆன இறக்கைகள் வந்தபோது இந்தப் பிடிமானமும் தளர்ந்தது. அவை அலுமினியம்போல் வெப்பத்தை வெளிக்காற்றில் விடுவதில்லை. போயிங் 787-இல் இறக்கைத் தொட்டிகள் உட்பட எல்லாத் தொட்டிகளுக்கும் நைட்ரஜன் செலுத்துகிறார்கள். அதன் இன்ஜின்களிலிருந்து கேபினுக்கு அழுத்தக் காற்று எடுப்பதில்லை என்பதால் மின்கம்ப்ரஸரையும் சேர்த்திருக்கிறார்கள். 2001-இல் கட்டுப்படியாகாது என்று ஒதுக்கிய கூறுகள், தேவை மாறியதும் புதிய வடிவமைப்பின் சாதாரண பாகங்களாகிவிட்டன.

இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் நைட்ரஜன் அமைப்பின் உண்மையான இடம் புலப்படுகிறது. அது தீப்பொறித் தடுப்புக்கு மாற்று அல்ல, இரண்டாவது அரண். இரண்டுமே ஓட்டையுள்ளவை. கம்பியின் உறை தேய்வதை எந்த விதியும் முற்றாக நிறுத்திவிடாது. இறக்கத்தில் புகும் வெளிக்காற்றைச் சவ்வும் முழுதாக வென்றுவிடாது. ஆனால் இவ்விரண்டு குறைகளுக்கும் காரணங்கள் வேறு. ஒன்று மின்கம்பியின் தேய்மானம், மற்றொன்று வாயுவின் அழுத்தம். ஆகவே இரண்டும் ஒரே விநாடியில் ஒரே தொட்டியில் சேர்ந்து தோற்க வேண்டும் என்றால்தான் வெடிப்பு. டிடபிள்யூஏ 800 ஆய்வு தீப்பொறியின் பிறப்பிடத்தைக் கண்டறியாமலே முடிந்தது. அந்த விடை இல்லாமலே அடுத்த விபத்தின் வாய்ப்பைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்க முடிந்ததற்குக் காரணம், தெரியாத தீப்பொறியை விட்டுவிட்டு, அளக்க முடிந்த ஆக்சிஜனைப் பிடித்ததுதான். அதற்கான விலையும் வெளிப்படையானது: சரக்கு விமானத்துக்கும் அலுமினிய இறக்கைக்கும் இன்னும் முதல் அரண் மட்டுமே காவல். அங்கே கம்பிகளைப் பரிசோதிப்பதில் காட்டும் அலட்சியத்துக்கு ஈடுகட்ட நைட்ரஜன் இல்லை.